யோகா தின இலவச வகுப்பு: வேலூரில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தாலே எங்கள் சத்துவாச்சாரி மையத்துக்கு ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். போனில் கேட்பார்கள், மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார்கள், மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதும் கேட்பார்கள். எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

தினமும்தான் யோகா பண்றாங்க, ஜூன் 21 மட்டும் என்ன விசேஷம்?

2014 செப்டம்பர் 27 அன்று ஐ.நா. பொதுச் சபையில் பேசிய பிரதமர் மோடி இப்படி ஒரு நாள் வேண்டும் என்று கேட்டார், அதே வருடம் டிசம்பர் 11-ல் சபை ஏற்றுக்கொண்டது, 2015-லிருந்து கொண்டாடுகிறார்கள். பூமியின் வடபாதியில் பகல் மிக நீளமாக இருக்கும் நாள் என்பதால் இந்தத் தேதி. மற்றபடி உடம்புக்கு ஜூன் 20-ம் ஒன்றுதான், 22-ம் ஒன்றுதான்.

ஃப்ரீன்னு சொல்றீங்க, உள்ள வந்தப்புறம் ஏதாவது கட்டச் சொல்வீங்களா?

மாட்டோம். அன்று நீங்களே கட்டுகிறேன் என்றாலும் வாங்க மாட்டோம். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையைக்கூட முந்தின நாள் ராத்திரியே எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைக் கீழே தள்ளுபடி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

காலை 6 மணிக்கு ஒரு வகுப்பு, மாலை 6 மணிக்கு ஒன்று. ஒரு வகுப்புக்கு முப்பது பேர்தான், ஏனென்றால் கூடத்தில் கை நீட்டிப் படுக்க அதற்குமேல் இடம் கிடையாது. முன்கூட்டிப் பெயர் சொல்லி வைத்தால் பாய் உறுதி. வர முடியாமல் போனால் முந்தின ராத்திரி சொன்னால்கூடப் போதும், காத்திருப்பில் இருக்கும் ஒருவருக்கு அது போகும்.

எனக்கு ஒண்ணுமே தெரியாது, குனிஞ்சா கால் விரல்கூட தொட முடியாது. நான் வந்து என்ன பண்றது?

யோகா தினத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலத்தான். விரலைத் தொடுவது ஒரு தேர்வு இல்லை. தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருந்தால் குனிய வராது. நாள் முழுக்க பைக்கிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது இறுகித்தான் இருக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, கை எங்கே எட்டுகிறதோ அங்கே வைத்தால் போதும். பக்கத்துப் பாயில் இருப்பவரைப் பார்த்து வேகமாகக் குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதுதான் அன்றைக்கு நாங்கள் பயப்படும் ஒரே விஷயம்.

அந்த ஒரு மணி நேரத்துல என்னென்ன சொல்லித் தருவீங்க?

ஆயுஷ் அமைச்சகம் யோகா தினத்துக்கென்று ஒரு பொதுப் பயிற்சி வரிசை வைத்திருக்கிறது, 45 நிமிடம். கழுத்து, இடுப்பு, முழங்கால் தளர்த்துவதில் ஆரம்பித்து, நின்றபடி தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், உட்கார்ந்து வஜ்ராசனம், சசாங்காசனம், குப்புறப் படுத்து புஜங்காசனம், சலபாசனம், மல்லாந்து சேதுபந்தாசனம், பவனமுக்தாசனம், சவாசனம், அப்புறம் கபாலபாதி, நாடிசுத்தி, பிராமரி, கடைசியில் தியானம் என்று போகும். மைதானத்தில் ஆயிரம் பேர் சேர்ந்து செய்வதற்கு அது சரியான வரிசை.

ஆனால் முதல் தடவையாக வருகிறவருக்கு 45 நிமிடத்தில் இத்தனை ஆசனம் என்பது ஓட்டமும் நடையுமாக ஆகிவிடும். ஒன்றைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதனால் நாங்கள் அந்த வரிசையிலிருந்து ஏழெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், வரிசை முறையை மாற்றுவதில்லை. கபாலபாதியை விட்டுவிடுகிறோம், புதியவர்கள் அதை வேகமாகச் செய்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். சவாசனத்துக்கு முழுசாகப் பத்து நிமிடம் கொடுக்கிறோம். குறட்டை விட்டாலும் பரவாயில்லை, யாரும் எழுப்ப மாட்டோம்.

என்ன டிரெஸ் போட்டுக்கணும்? மேட் வாங்கணுமா?

உட்கார்ந்து எழத் தடுக்காத எதுவும் சரி. சுடிதார், டிராக் பேன்ட், எது வீட்டில் இருக்கிறதோ அது. புடவையில் வர வேண்டியிருந்தால் உள்ளே பேன்ட் போட்டுக்கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்ள அறை இருக்கிறது. துப்பட்டாவை ஓரமாக வைத்துவிடுங்கள், கழுத்தைத் திருப்பும்போது இழுக்கும்.

பாய் நாங்கள் தருகிறோம். ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கொண்டு வாருங்கள். அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் நம்ம ஊர் வெயில் முடியாது, கூடத்தில் ஏ.சி. இல்லை, காற்றாடிதான். சேரும் வரை மேட் வாங்கவே வாங்காதீர்கள். அவசரத்தில் வாங்கிய மேட் வீட்டு வாசலில் கால் துடைக்கும் விரிப்பாகக் கிடப்பதை நிறைய பார்த்தாயிற்று.

வெறும் வயித்துல வரணும்னு சொல்றாங்க. எனக்கு சுகர் இருக்கு, வரலாமா?

வரலாம், ஆனால் வெறும் வயிற்று விதியை அப்படியே உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் என்பது சர்க்கரை இல்லாதவருக்குச் சொன்னது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் வெறும் வயிற்றோடு உடம்பை அசைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த அபாயம் மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எந்த வகை என்று தெரியாவிட்டால் அட்டையைக் கொண்டு வந்து காட்டுங்கள், அல்லது உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

காலை வகுப்புக்கு வருவதாக இருந்தால் அரை வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அந்த அளவு எந்த ஆசனத்துக்கும் இடைஞ்சல் ஆகாது. காலை மாத்திரையை டிபனோடு போடச் சொல்லியிருந்தால் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய் டிபனோடே போடுங்கள், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வராதீர்கள்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், திடீர்ப் பசி வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். இதில் வேலூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஜூன் மாதத்தில் கூடத்தில் எல்லோருக்கும்தான் வேர்க்கும், அதனால் வியர்வையை நாங்களும் கவனிக்க மாட்டோம், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். ஆகவே வியர்வையோடு நடுக்கமோ தலைக் கிறுகிறுப்போ சேர்ந்தால் உடனே கை தூக்குங்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கித் தருவோம், கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்ப்போம். குளுக்கோமீட்டர் இருந்தால் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பி.பி. மாத்திரை சாப்பிடறேன். அதுக்கு ஏதாவது தனியா இருக்கா?

அன்று காலை மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அதுதான் முதல் விஷயம். வகுப்பில் மூன்றை மட்டும் மாற்றிக்கொள்வீர்கள். தலை இதயத்துக்குக் கீழே போகிற மாதிரி குனிய மாட்டீர்கள், அதற்குப் பதில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தால் போதும். மூச்சை உள்ளே அடக்கி வைக்க மாட்டீர்கள். படுத்த நிலையிலிருந்து ஒரே மூச்சில் எழ மாட்டீர்கள், பக்கவாட்டில் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எழுவீர்கள். சில பி.பி. மாத்திரைகளுக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

பி.பி. பார்க்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. 180/110-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு ஆசனம் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள், அப்புறம் டாக்டரைப் பாருங்கள் என்போம். கோபித்துக்கொள்ளக் கூடாது. கண்ணில் அழுத்த நோய் இருப்பவர்களும் மேலே சொன்ன குனியும் விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். வகுப்புக்கு முன் எழுதித் தரும் பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, மறக்காமல் டிக் போடுங்கள்.

முட்டி வலி. தரையில உட்காரவே முடியாது, நீங்க மாடியில வேற இருக்கீங்க!

பதினெட்டுப் படி, கைப்பிடி இருக்கிறது, லிஃப்ட் இல்லை. ஏறும்போது வலியில்லாத காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்குங்கள். இதைச் சொல்லித் தந்தாலே பாதிப் பேருக்கு மாடி பயம் போய்விடும்.

முட்டிக்காரர்களுக்கு வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்குப் போன யோகா தினத்தில் வந்த ஒரு அக்காவைச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், அல்லாபுரத்தில் தையல் வேலை, படி இறங்கும்போது இரண்டு முட்டியிலும் குத்தும். முட்டி வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ, மடக்கின கால் அப்படியே மாட்டிக்கொண்டாலோ முதலில் டாக்டரிடம்தான் அனுப்புவோம். அவருக்கு அப்படி இல்லை. சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எல்லோரும் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விருட்சாசனத்தில் ஒரு காலைத் தொடையில் ஏற்றாமல் விரல் நுனியைத் தரையிலேயே வைத்து, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டார். முட்டியின் மேலே பாதத்தை அழுத்தக் கூடாது என்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு ஒன்றே ஒன்று கொடுத்தனுப்பினோம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியால் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை அழுத்தி விட வேண்டும், காலுக்குப் பத்து முறை. தொடையின் முன்பக்கத் தசை இறுகுவது கைக்குத் தெரியும். அந்தத் தசை வலுவானால் படி இறங்கும்போது முட்டிக்கு விழும் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். அளவு அதிகமா என்பதை மறுநாள் காலையில் பாருங்கள், வழக்கத்தைவிடக் கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

அந்த அக்கா அடுத்த வாரம் ஒரு சாதாரண வகுப்புக்கு வந்தார். சேருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இடையில் சில நாள் ஒரு வகுப்புக்கு ஒரு கட்டணம் என்று வந்து போனார். ஆடி மாதம் தையல் ஆர்டர் குறைந்த பிறகுதான் காலை பத்தரை மணி நாற்காலி வகுப்பில் மாதக் கணக்கில் சேர்ந்தார். முட்டி வலி போயே போய்விட்டது என்று எழுதினால் பொய். இப்போது தரையில் உட்கார்ந்து கை ஊன்றி எழத் தெரிகிறது, படியில் இறங்கக் கைப்பிடியை எப்போதாவதுதான் பிடிக்கிறார்.

மாசமா இருக்கேன். லேசா பண்ணலாமில்ல?

யோகா தினத்தன்று வேண்டாம்மா. முப்பது பேர் கூட்டத்தில் உங்கள் ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, வரிசையில் குப்புறப் படுப்பதும் இடுப்பைத் திருப்புவதும் வரும். டாக்டரிடம் சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறொரு நாள் வாருங்கள், தனியாக உட்கார்ந்து பேசலாம். மாதவிலக்கு நாளாக இருந்தால் அது உங்கள் விருப்பம். வந்து, முடிந்ததைச் செய்து, மீதி நேரம் படுத்திருந்தாலும் யாரும் காரணம் கேட்க மாட்டோம்.

சி.எம்.சி.க்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கோம், லாட்ஜ்ல தங்கியிருக்கோம். ரெண்டு வாரத்துல ஊருக்குப் போயிடுவோம், நாங்க வரலாமா?

தாராளமாக. நோயாளியோடு கூட இருப்பவர்களுக்கு இடுப்பும் கழுத்தும் படும் பாடு எங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி வலி. அம்மாவை அழைத்து வருவதானால் அவரைப் பார்க்கும் டாக்டர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு மாதக் கட்டணம் பற்றிய பேச்சே கிடையாது. 21-ம் தேதி வாருங்கள், ஊருக்குப் போவதற்குள் இன்னொரு நாளும் வாருங்கள், அவ்வளவுதான். தமிழ் தெரியாத உறவினர் கூட வந்தாலும் பரவாயில்லை, பார்த்துச் செய்யலாம். தெலுங்கிலும் ஓரளவுக்குச் சொல்லித் தருவோம்.

நாங்க முஸ்லிம் ஃபேமிலி. ஓம் சொல்லணும், சூரிய நமஸ்காரம் பண்ணணும்னு இருக்குமா?

இரண்டும் இல்லை. அரசின் பொதுப் பயிற்சி வரிசையிலேயே சூரிய நமஸ்காரம் கிடையாது. அந்த வரிசை ஒரு சமஸ்கிருதப் பிரார்த்தனையோடு ஆரம்பிக்கும், நாங்கள் அதற்குப் பதில் ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்கிறோம், அந்த நிமிடத்தில் யாருக்கு எது தோன்றுகிறதோ அது. பிராமரியில் வரும் சத்தம் வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி முரலுவதுதான், அதில் சொல் எதுவும் இல்லை. தலையில் துணி போட்டுக்கொண்டே செய்யலாம், ஊசி குத்தாமல் முடிச்சாகக் கட்டிக்கொண்டால் படுக்கும்போது உறுத்தாது. காலை வகுப்பில் பெண்கள் வரிசை தனியாக இருக்கும்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுடுவீங்களே?

வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு படம், அதுவும் பின்பக்கத்திலிருந்து. வேண்டாம் என்பவர்கள் அந்த ஒரு நிமிடம் வராந்தாவில் நிற்கலாம். குனியும்போதும் படுத்திருக்கும்போதும் யாரும் எடுக்கக் கூடாது, கூட வந்த உங்கள் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான். போன்கள் எல்லாம் கூடைக்குள் போய்விடும்.

பேரும் நம்பரும் எழுதிக் கொடுத்தா அப்புறம் தினமும் போன் பண்ணுவீங்களா?

பாரத்தில் கட்டாயமாகக் கேட்பது உங்கள் பெயர், வயது, உடம்பில் இருக்கும் பிரச்சினை, ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய ஒரு வீட்டு எண், இவ்வளவுதான். அந்தப் பாரத்தை வகுப்பு முடிந்ததும் உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். உங்கள் சொந்த வாட்ஸ்அப் எண்ணைக் கேட்கும் இடம் கடைசியில் தனியாக ஒரு சீட்டில் இருக்கும். விருப்பம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். எழுதினால் நான்கு நாள் கழித்து வகுப்பு நேரங்கள் அடங்கிய ஒரு மெசேஜ் வரும். ஒன்றே ஒன்றுதான், பதில் போடாவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் வராது. குழுவில் சேர்ப்பதும் இல்லை.

அன்னைக்கே சேர்ந்தா தள்ளுபடி உண்டா? எல்லா இடத்துலயும் தர்றாங்களே.

கிடையாது. சுவரில் ஒரு பலகை தொங்கும்: பன்னிரண்டு வகுப்புக்கு 1,000 ரூபாய், ஒரு வகுப்பு மட்டும் என்றால் 120. வருடம் முழுக்க அதே விலைதான், சேர்க்கைக் கட்டணம் தனியாகக் கிடையாது. யோகா தினத்துக்காக அது இறங்காது, அடுத்த வாரம் ஏறவும் ஏறாது.

காரணம் சொல்கிறேன். பத்து நிமிட சவாசனம் முடிந்து எழுந்திருக்கும் மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருக்கும், யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுவார். அந்த நேரத்தில் மூன்று மாதப் பேக்கேஜை நீட்டினால் கட்டிவிடுவார்தான். ஆனால் அவர் காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் வாங்கி, பிள்ளையை ஸ்கூல் வேனுக்குத் தயார் செய்து, இங்கே வர முடியுமா என்று யோசித்திருக்கவே மாட்டார். ஜூலை பாதியில் வருவது நின்றுவிடும். பணம் போன எரிச்சலில் தெருவில் எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பார், அதுதான் மிச்சம். அதனால்தான் கியூ.ஆர். அட்டை உள்ளே போகிறது.

அப்போ நல்லா இருக்கா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றது?

யோகா தின வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், இதை எங்கள் மையத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். அன்றைக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். கூடம் கழுவியிருக்கும், உதவிக்கு மூன்று பேர் நிற்பார்கள், வருகிறவர்களும் உற்சாகமாக இருப்பார்கள். நீங்கள் சேர்ந்தால் வரப்போவது அந்த வகுப்புக்கு இல்லை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு. அதனால் 21-ம் தேதி போகும்போது ஒரு சீட்டு தருவோம், ஜூன் முடிவதற்குள் எந்த வேளை வகுப்புக்கு வேண்டுமானாலும் அதைக் காட்டி ஒரு தடவை இலவசமாக வரலாம். நீங்கள் சேர்ந்தால் எந்த நேரத்துக்கு வருவீர்களோ அதே நேரத்துக்கு வாருங்கள், சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தால் பயனில்லை.

வந்தால் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, சொல்லித் தருகிறவர் முன்னால் நின்று தானே செய்துகொண்டிருக்கிறாரா, இல்லை உங்கள் பாய்ப்பக்கம் வந்து பார்க்கிறாரா. எங்கள் சாதாரண வகுப்பில் பதினான்கு பேருக்கு மேல் எடுப்பதில்லை, வகுப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது உங்கள் பக்கம் வரவில்லை என்றால் அது எங்கள் குறைதான். இரண்டு, வராத ஆசனத்துக்கு மாற்று கேட்டால் கொடுக்கிறாரா, இல்லை போகப் போக வந்துவிடும் என்று மழுப்புகிறாரா. மூன்று, மறுநாள் உடம்பு. தொடையிலும் முதுகிலும் தசை லேசாக வலிப்பது சகஜம், இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலியோ, இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்கும் வலியோ வந்தால் அந்த வகுப்பு உங்களுக்கு ஏற்றது இல்லை, டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

சேர்ந்துட்டு நடுவுல லீவு போட்டா காசு போச்சா?

தேதி வைத்துக் கணக்கு இல்லை, வகுப்பை எண்ணித்தான். முதல் வகுப்பிலிருந்து 45 நாளுக்குள் பன்னிரண்டு வகுப்பை முடித்தால் போதும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலை என்று கிளம்பும் வாரத்தில் நம்ம பக்கம் பாதி வீடு பூட்டித்தான் இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த 45. ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை என்று மாறி மாறி வரலாம். நடுவில் நிறுத்திவிட்டால் மீதி வகுப்புக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வந்த வகுப்புகளை 120 வீதம் கழித்துக்கொண்டு மிச்சம் தருவோம். உதாரணமாக மூன்று வகுப்பு வந்தவருக்கு 360 போக 640 திரும்பக் கிடைக்கும்.

யூடியூப்ல பார்த்து வீட்லயே பண்ணிக்கிறேனே, எதுக்கு மாசம் ஆயிரம்?

அடிப்படை சரியாக வந்துவிட்டவர்கள் அப்படியே செய்யலாம், எங்களிடம் சில மாதம் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள் கூப்பிட்டு வம்பு செய்வதில்லை. திரையில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது, அதுதான் ஒரே வித்தியாசம். புஜங்காசனத்தில் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு கழுத்தை மடக்குவது கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் செய்வது, செய்கிறவருக்குத் தெரியாது. யாராவது தோளில் கை வைத்து இறக்கிவிட்டால்தான் தெரியும்.

யோகா பண்ணா சுகர் மாத்திரையை நிறுத்திடலாம்னு பக்கத்து வீட்ல சொல்றாங்களே?

நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம், சொல்லும் இடத்தில் சேராதீர்கள். தொடர்ந்து பயிற்சி செய்து, சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டால் சிலருக்கு ரத்தச் சர்க்கரை குறையும், அப்போது டாக்டரே சோதனை பார்த்து மாத்திரையைக் குறைப்பார். குறைப்பதும் நிறுத்துவதும் அவர் வேலை. எடையும் அப்படித்தான், வாரம் மூன்று நாள் வகுப்பை மட்டும் நம்பி எடை வேகமாக இறங்காது, பிரியாணியின் அளவும் சேர்ந்து இறங்க வேண்டும்.

நாங்க குடியாத்தம் பக்கம் ஒரு சென்டர் நடத்தறோம். இப்படி அன்னைக்கு காசே வாங்காம விட்டா எப்படிங்க கட்டுப்படியாகும்?

21-ம் தேதி எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணினால் கட்டுப்படி ஆகாத மாதிரிதான் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சீட்டைக் கொண்டு சாதாரண வகுப்புக்கு இரண்டாவது தடவை வருகிறவர் கூட்டத்தில் சிலர்தான், ஆனால் அவர் நேரத்தையும் தூரத்தையும் தன் உடம்பையும் சோதித்துப் பார்த்துவிட்டு வந்தவர். அவரிடம் நீங்கள் எதுவும் விற்க வேண்டியதில்லை, பலகையைப் பார்த்து அவரே கேட்பார்.

செலவு என்று பார்த்தால் கூடத்து வாடகை எப்படியும் கொடுக்கிறீர்கள், கூடுதலாக ஆவது உதவிக்கு நிற்பவர்களின் சம்பளமும் பாய் துவைக்கும் கூலியும்தான். ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் கட்டாயம் நிற்கட்டும், அவர் ஆசனம் செய்துகாட்டக் கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் பாயைக் குறையுங்கள்.